137-இலிருந்து 500 வரை

எனக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளி விடுமுறையில் பெரியப்பாவின் கடைக் கல்லாவில் என்னை உட்கார வைத்தார்கள். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பையன் என்ற நம்பிக்கை அவருக்கு. முதல் நாளே ஒருவருடைய பில் 137. அவர் 500 நோட்டை நீட்டினார். நான் மனக்கணக்காகக் கழித்தேன், 373 வந்தது. எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தேன். வாங்கியவர் இரண்டடி நடந்து, நின்று, திரும்பி வந்து, "பத்து கூடுதலா இருக்கு தம்பி" என்று ஒரு நோட்டைக் கல்லா மேல் வைத்தார்.

நல்ல மனிதர். ஆனால் எனக்கு உறைத்தது அவருடைய நேர்மை அல்ல. நான் பெருமையோடு மனதில் போட்ட கணக்கை, நடந்துகொண்டே கையில் இருந்த பணத்தைப் புரட்டி அவர் சரிபார்த்துவிட்டார். எப்படி?

பெரியப்பா ஒன்றும் திட்டவில்லை. அந்தப் பணத்தை அப்படியே திரும்பக் கல்லாவில் போடச் சொன்னார். பிறகு அவரே ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வைக்க வைக்க வாயால் சொல்லிக்கொண்டே வந்தார்: "நூத்தி முப்பத்தேழு... முப்பத்தெட்டு... நாப்பது... அம்பது... இருநூறு... முந்நூறு... ஐந்நூறு." முடிந்தது. கையில் ஒரு 1, ஒரு 2, ஒரு 10, ஒரு 50, ஒரு 100, ஒரு 200.

"எவ்வளவு பெரியப்பா குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"சரியாக் குடுத்தேன்."

"இல்ல, மொத்தம் எவ்வளவு?"

"அது எதுக்கு எனக்கு?" என்றார்.

இந்தப் பதிலை அன்று நான் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அது கிண்டல் இல்லை என்று புரியப் பல வருடம் ஆயிற்று. மீதி 363 என்ற எண் அவருடைய மனதில் எந்த நேரத்திலும் தோன்றவே இல்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. விலை தெரியும், வாங்கிய நோட்டு தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பணத்தாலேயே நிரப்பிவிட்டார். அந்தத் தூரம் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் வேலையை அவர் செய்யவே இல்லை. 500-ஐ எட்டியதும் கையில் இருப்பதுதான் மீதி.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். 500-இலிருந்து 137-ஐக் கழிக்கும்போது பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி பூஜ்யத்தில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்க வேண்டும். பக்கத்திலும் பூஜ்யம். ஆகவே அது அதற்குப் பக்கத்தில் கடன் வாங்கி, வந்த பத்தில் ஒன்றை இந்தப் பக்கம் தள்ளி, ஒன்பதாக நிற்கும். அந்த ஒன்பதில் மூன்று போனால் ஆறு. நான் அவசரத்தில் அதைப் பத்தாகவே வைத்துக்கொண்டேன், பத்தில் மூன்று போனால் ஏழு. அதனால்தான் 373. இதே கணக்கில் இன்னொரு வகைத் தவறும் உண்டு. கடன் கொடுத்த ஐந்தை நான்காகக் குறைக்க மறந்துவிட்டால் 463 வரும். கல்லாவில் உட்காரும் புதியவர்கள் 10 அல்லது 100 கூடுதலாகக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் விழிப்பதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். கையில் இல்லாததைக் கடன் வாங்கி, வாங்கியதை நினைவில் வைத்து, கொடுத்தவன் கணக்கில் குறைத்து, இவ்வளவையும் எதிரே ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது செய்ய வேண்டும்.

பெரியப்பாவின் எண்ணிக்கையில் இந்தக் கடன் எங்கே போயிற்று என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாகிறது. அது காணாமல் போகவில்லை. திசை மாறிவிட்டது. 137-க்கு மேல் 3 வைத்தவுடன் அவர் வாயில் வந்தது "நாப்பது". அதாவது முப்பது நாற்பதாகிவிட்டது. நான் கடனாக வாங்கித் தவித்த அந்த ஒன்று, அவருக்கு எண்ணும்போதே தானாக மேலே ஏறிவிட்டது. இனி அவர் 100-இல் நாற்பது போக எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். முப்பது என்ற எண்ணே அவர் முன்னால் இல்லை. ஆகவே பத்துகளில் ஏழு என்று தப்பாகச் சொல்ல வழியே இல்லை. அதே போல 200-ஐத் தொட்டவுடன் நூறுகளில் இருந்த ஒன்று இரண்டாகிவிட்டது. மீதி மூன்று நூறு. கழித்தலில் 'கடன்' என்று பெயர் வைத்துப் பயமுறுத்தியது கூட்டலில் வெறும் 'மிச்சம் மேலே ஏறுகிறது' என்று ஆகிவிடுகிறது. 39-க்கு அடுத்து 40 என்று சொல்ல நாம் யாரும் யோசிப்பதில்லை அல்லவா, அந்த யோசிக்காமையைத்தான் கடைக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

மனக்கணக்குப் பயிற்சி வகுப்புகளில் ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள்: 100, 1000 போன்ற எண்ணிலிருந்து கழிக்கும்போது கடைசி இலக்கத்தைப் பத்திலிருந்தும், மற்றவற்றை ஒன்பதிலிருந்தும் கழி. ஏன் ஒன்பது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. கல்லாவில் நின்று பார்த்தால் காரணம் கண்முன் தெரியும். ஒன்றுகளைப் பத்தாக நிரப்பியபோதே பத்துகளுக்கு ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே அதற்கு இன்னும் தேவைப்படுவது பத்துக்கு ஒன்று குறைவு. அவ்வளவுதான் அந்த ஒன்பதின் ரகசியம். 1642-இல் பிரான்சில் பாஸ்கல் என்ற இளைஞர், வரிக்கணக்குப் பார்த்துச் சலித்த தன் அப்பாவுக்காக ஒரு கணக்கு இயந்திரம் செய்யத் தொடங்கினார். அதன் சக்கரங்கள் ஒரே திசையில்தான் சுழலும், கூட்டத்தான் வரும். கழிக்க வேண்டுமானால் ஒன்பதுக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து அதைக் கூட்ட வேண்டும். பின்னால் நடக்கத் தெரியாத இயந்திரத்துக்கும் அவசரத்தில் இருக்கும் மனிதனுக்கும் ஒரே வழிதான் கைகொடுத்திருக்கிறது.

இந்தக் கடைவழி கணக்கைத் தாளில் எழுதியும் செய்யலாம். ஆங்கிலக் கணக்குப் புத்தகங்களில் இதற்கு 'ஆஸ்திரிய முறை' என்று பெயர். 500-க்குக் கீழே 137 எழுதிவிட்டு வலமிருந்து தொடங்க வேண்டும். ஏழுடன் எவ்வளவு சேர்ந்தால் பத்து? மூன்று. மூன்றை எழுதி, மேலே ஒன்று ஏறுகிறது. மூன்றும் ஒன்றும் நான்கு. நான்குடன் எவ்வளவு சேர்ந்தால் பத்து? ஆறு. மறுபடி ஒன்று ஏறுகிறது. ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரண்டுடன் எவ்வளவு சேர்ந்தால் ஐந்து? மூன்று. விடை 363. மேலே உள்ள எண்ணில் எதையும் அடிக்கவில்லை, பூஜ்யத்தை ஒன்பதாக்கித் தலையில் குட்டி எண் எழுதவில்லை. எனக்கு மட்டும் இதை நான்காம் வகுப்பில் காட்டியிருந்தால் என்று சில சமயம் நினைப்பேன். சரி, விடுங்கள்.

கல்லாவுக்குத் திரும்புவோம். ஏனென்றால் தாளில் இல்லாத ஒன்று அங்கே இருக்கிறது: பணத்தின் மதிப்புகள். உலகில் பல நாடுகளின் பணம் 1, 2, 5 என்ற வரிசையில் போகிறது. பிறகு 10, 20, 50. பிறகு 100, 200, 500. மேலே எண்ணிப் போகும்போது நின்று மூச்சு வாங்கும் இடங்களையும் இந்த வரிசையே சொல்லிக் கொடுக்கிறது. விலையின் கடைசி இலக்கம் 5-க்குக் கீழே இருந்தால் முதலில் ஐந்துக்கு ஏறு, அங்கிருந்து ஒரே ஐந்தில் பத்துக்கு ஏறு. 5-க்கு மேலே இருந்தால் நேராகப் பத்துக்கு. 134 என்றால், ஒரு 1 வைத்து 135, ஒரு 5 வைத்து 140. 131 என்றால் 2 வைத்து 133, இன்னொரு 2 வைத்து 135, 5 வைத்து 140. 136 என்றால் 138, 140. பத்துகளிலும் இதே படிகள்: 140 என்றால் 10 வைத்து 150, 50 வைத்து 200. 110 என்றால் 20 வைத்து 130, இன்னொரு 20 வைத்து 150, 50 வைத்து 200.

இப்படி ஐந்திலும் பத்திலும் நின்று நின்று போனால், 100 அல்லது 500 மாதிரி ஒற்றை நோட்டு வாங்கியிருக்கும்போது, கொடுக்கும் காசுகளின் எண்ணிக்கையும் மிகக் குறைவாகவே அமையும். பெரிய நோட்டிலிருந்து தொடங்கிக் கீழே வந்தால் எவையெவை வருமோ அவையேதான் கீழிருந்து மேலே போனாலும் வருகின்றன, வரிசை மட்டும் தலைகீழ். 363-ஐ மேலிருந்து பிரித்தால் 200, 100, 50, 10, 2, 1. பெரியப்பா வைத்தது 1, 2, 10, 50, 100, 200.

ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் சறுக்கும். ஒருவர் 147-க்கு 200-ம் 50-மாக 250 கொடுக்கிறார். பழக்கதோஷத்தில் 148, 150, பிறகு ஒரு 50 வைத்து 200, இன்னொரு 50 வைத்து 250 என்று எண்ணினால் தொகையில் பிசகில்லை. ஆனால் 150-இலிருந்து ஒரே 100 வைத்து 250 போயிருக்கலாம், கல்லாவில் இருந்த இரண்டு 50 வீண் செலவு. எட்ட வேண்டிய எண் ஐம்பதில் முடிந்தால் நடுவில் நூறில் நிற்கக் கூடாது. இது இரண்டாம் நாளே தெரிந்துவிடும், ஏனென்றால் மதியத்துக்குள் 50 தீர்ந்துபோகும்.

தீர்ந்துபோனால்? அங்கும் இந்த முறை இளகிக் கொடுக்கும். 140-இல் நிற்கிறீர்கள், 50 இல்லை. 150-க்குப் போய் மாட்டிக்கொள்ளாமல் 20 வைத்து 160, 180, 200. வழியை மாற்றினாலும் சேரும் இடம் மாறாது. 363 என்ற எண்ணை மனதில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு 50 இல்லை என்றால் மறுபடி பிரிக்கும் கணக்கு ஒன்று தலையில் ஏறும். மேலே எண்ணிப் போகிறவர் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு எண், இப்போது எங்கே நிற்கிறோம் என்பது. அதையும் வாய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறதே.

வாய் என்றதும் நினைவு வருகிறது. புதியவர்கள் செய்யும் முதல் பிழை, போடும் காசைச் சொல்வது. 1-ஐப் போட்டு "ஒன்று", 2-ஐப் போட்டு "இரண்டு", 10-ஐப் போட்டு "பத்து". இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கையில் இருப்பது என்ன என்று கண்ணுக்குத் தெரிகிறது, அதை வாய் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வாய் சொல்ல வேண்டியது வந்து சேர்ந்த இடத்தை: முப்பத்தெட்டு, நாற்பது, ஐம்பது. கை காசைக் காட்டுகிறது, வாய் மொத்தத்தைக் காட்டுகிறது, இரண்டும் ஒன்றையொன்று கண்காணிக்கின்றன. இன்னொன்று, காசு விழுந்த பிறகுதான் எண் வர வேண்டும். சிலர் எண்ணை முதலில் சொல்லிவிட்டு நாணயத்தைத் தேடுவார்கள். அந்த இடைவெளியில் யாராவது எதையாவது கேட்டால், சொன்னது நினைவில் இருக்கும், போட்டோமா என்பது இருக்காது.

இந்த வரிசையில் ஒரு சோதனையும் ஒளிந்திருக்கிறது. 140-இல் நிற்கும்போது 10-க்குப் பதில் தெரியாமல் 20-ஐ எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைப் பார்த்து ஒழுங்காகக் கூட்டினால் வாயில் 160 வரும். அடுத்து கையில் தயாராக இருக்கும் 50-ஐச் சேர்த்தால் 210. இருநூறில் போய் நிற்க வேண்டியவர் இருநூற்றுப் பத்தில் நிற்கிறார். ஏதோ சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும். வட்டமான எண்களில் கால் பதித்துப் போவதால், தடம் புரண்டால் அடுத்த படியிலேயே கால் இடறும். ஆனால் நோட்டைப் பார்க்காமல் பாட்டு மாதிரி "ஐம்பது, இருநூறு" என்று ஒப்பித்தால் இந்தக் காவல் போய்விடும். கை 20 போட்டிருக்கும், வாய் 150 என்று சொல்லியிருக்கும். அப்போது எதிரே நிற்பவர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

எதிரே நிற்பவர்தான் இந்த முறைக்கு முக்கியமான காரணம் என்பது என் கருத்து. அன்று 10-ஐத் திருப்பித் தந்தவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன் அல்லவா? அவரும் இதே போலத்தான் செய்திருக்க வேண்டும். தனக்குத் தெரிந்த 137-இலிருந்து தொடங்கி, கையில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போயிருப்பார், 500 வர வேண்டிய இடத்தில் 510 வந்திருக்கும். வாங்கியவருக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு: விலையும் தான் கொடுத்த நோட்டும். "இந்தாங்க 363" என்று கொடுத்தால் அந்த மூன்றாவது எண்ணை அவர் நம்ப வேண்டும், இல்லையேல் நின்று கழித்துப் பார்க்க வேண்டும். மேலே எண்ணிக் கொடுத்தால் மூன்றாவது எண்ணே இல்லை. அவருக்குத் தெரிந்த எண்ணில் தொடங்கி, அவருக்குத் தெரிந்த எண்ணில் முடிகிறது. நடுவே நடப்பதெல்லாம் அவர் கண்முன்னால், அவர் கையில். கடைசிச் சொல்லான "ஐந்நூறு" இருவருக்கும் சேர்த்து ரசீது மாதிரி.

அதனால்தான் பெரியப்பா எப்போதும் இரண்டு முறை எண்ணுவார். கல்லாவிலிருந்து எடுக்கும்போது தனக்காக ஒரு முறை, மனதுக்குள். கொடுக்கும்போது அவருக்காக ஒரு முறை, வாய்விட்டு. முதல் எண்ணிக்கை பணத்தைத் தேர்ந்தெடுக்க, இரண்டாவது அதைச் சோதிக்க. இரண்டாவதில் எண் 500-இல் போய் நிற்கவில்லை என்றால், எங்கே பிசகு என்று தேட மாட்டார். எல்லாவற்றையும் திரும்ப வாங்கி 137-இலிருந்து ஆரம்பிப்பார். நடுவில் பிடித்துச் சரிசெய்வதைவிட அது வேகமானது. நம்ப முடியாவிட்டால் செய்து பாருங்கள்.

ஒரு சின்ன வசதியும் இதில் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மேலே எண்ணினால் சில்லறை முதலில் வரும், நோட்டு பிறகு. நாணயங்கள் உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும், அதன் மேல் நோட்டுகள். விரலை மடக்கினால் எல்லாம் பத்திரம். இப்போது பல இடங்களில் நோட்டை விரித்து அதன் மேல் பில்லை வைத்து, பில்லின் மேல் நாணயங்களைக் கொட்டித் தருகிறார்கள். பில் சறுக்குமரமாகி நாணயம் தரையில் ஓடுகிறது. எனக்கு இது ஒரு தீராத மனக்குறை.

இனி இந்த முறையால் பிடிக்க முடியாதவை. இரண்டு முனைகளில் எது தவறினாலும் நடுவே எவ்வளவு ஒழுங்காக எண்ணினாலும் பயனில்லை. விலையை 137-க்குப் பதில் 127 என்று நினைத்துத் தொடங்கினால் 500-க்கு அழகாகவே போய்ச் சேருவீர்கள், 10 கையைவிட்டுப் போயிருக்கும். ஆகவே முதல் எண்ணை வாய்விட்டுச் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. அதைக் கேட்டு எதிரே இருப்பவர் "137-ங்க" என்று திருத்த வாய்ப்புக் கிடைக்கிறது. குறைத்துச் சொன்னால் திருத்துவாரா என்பது வேறு விஷயம்.

மறுமுனை இன்னும் ஆபத்தானது. "நான் 500 கொடுத்தேன்", "இல்லை, 200-தான் கொடுத்தீர்கள்." கல்லாவில் உட்கார்ந்த யாருக்கும் இந்தச் சண்டை புதிதல்ல. பெரும்பாலும் ஏமாற்றும் இல்லை, இரண்டு பேருமே உண்மையாக அப்படித்தான் நினைப்பார்கள். வாங்கிய நோட்டை உடனே பெட்டிக்குள் மற்ற நோட்டுகளோடு போட்டுவிட்டால் தீர்த்துவைக்க வழியில்லை. ஆகவே நோட்டு பெட்டிக்கு வெளியே, இருவர் கண்ணிலும் படும்படி, ஏதாவது ஒரு கனத்துக்கு அடியில் இருக்க வேண்டும். மீதி எண்ணி முடித்து, அவர் கை மூடிய பிறகுதான் உள்ளே போக வேண்டும். மேலே எண்ணுவதன் கடைசி எண் எது என்பதை அந்த நோட்டுதான் சொல்கிறது. அது கண்ணெதிரே கிடந்தால் மறக்கவே முடியாது.

மூன்றாவது, குறுக்கீடு. 150 வரை எண்ணியிருக்கிறீர்கள். "அண்ணே, அந்த 500-ஐக் குடுங்க, என்கிட்ட சில்லறை இருக்கு, இந்த 100-க்கு ரெண்டு 50 குடுத்துடுங்க" என்று ஒருவர் கையை நீட்டுகிறார். உண்மையிலேயே உதவுகிறவராக இருக்கலாம். எண்ணிக்கையை நடுவில் கலைத்து, இரண்டு கணக்கை ஒன்றாகப் பின்னி, போகும்போது கூடுதலாக ஒரு நோட்டோடு போவதையே தொழிலாக வைத்திருக்கும் ஆளாகவும் இருக்கலாம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெரியப்பாவிடம் இதற்கு ஒரே பதில்தான். "இது முடியட்டும்." ஒன்று முடிந்து 500 என்று சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு. முடியாவிட்டால் எல்லாம் பெட்டிக்குள், அவருடைய நோட்டு அவர் கையில், விலையிலிருந்து மறுபடி.

இயந்திரம் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். திரையில் 363 என்று வந்துவிடுகிறது. 200, 100, 50, 10, 2, 1 என்று மேலிருந்து எடுத்தால் முடிந்தது, அதுவும் வேகமாக. மனிதக் கழித்தலைவிட இயந்திரக் கழித்தல் நம்பகமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இயந்திரம் கழிப்பது, விரல் அழுத்தியதை. 500-க்குப் பதில் ஒரு பூஜ்யம் கூடி 5000 என்று பதிந்துவிட்டால் திரை கொஞ்சமும் தயங்காமல் 4863 என்று காட்டும். அந்த அளவுக்குப் பெரிய தவறு கண்ணில் பட்டுவிடும். 200 நோட்டுக்கு 500 என்று அழுத்தினால் படாது. 363 கேட்கிறது, 363 எண்ணிக் கொடுக்கிறோம், எண்ணிக்கையும் மிகச் சரி. திரையில் உள்ள தொகையோடு ஒப்பிட்டால் தவறே தெரியாது. அதே பணத்தை 137-இலிருந்து மேலே எண்ணிக் கொடுத்தால், 200-ஐத் தொட்டவுடன் மேசையில் கிடக்கும் நோட்டைக் கண் பார்க்கும். அது 200. நிறுத்திவிடுவோம். கையில் இன்னும் 300 இருக்கிறது.

போன மாதம் ஒரு கல்லாவில் நின்றேன். விலை, சொன்னால் நம்ப மாட்டீர்கள், 137. 500 நோட்டைக் கொடுத்தேன். கல்லாவில் இருந்த இளம்பெண் 500 என்று அழுத்தினாள், திரையில் 363 வந்தது. அப்போதுதான் என் சட்டைப் பையில் சில்லறை கிடப்பது நினைவுக்கு வந்தது. ஒரு 5, ஒரு 2. "இந்தாம்மா, இந்த ஏழையும் வெச்சுக்கோ" என்று நீட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "ஏற்கெனவே போட்டுட்டேன் சார்" என்றாள். பாவமாக இருந்தது. திரையின் எண்ணும் என் ஏழும் அவள் மனதில் மோதிக்கொள்வது முகத்தில் தெரிந்தது.

இது மேலே எண்ணுகிறவர்களும் தடுமாறும் இடம். 507 என்று வைத்துக்கொண்டு 137-இலிருந்து கிளம்பினால் 138, 140, 150, 200, 300, 500 என்று வந்து, பிறகு ஒரு 5, ஒரு 2 வைத்து 507 என்று முடியும். தொகை 370, தவறில்லை. ஆனால் நான் கொடுத்த அதே 5-ம் 2-ம் எனக்கே திரும்பி வந்திருக்கும், கூடவே இன்னொரு 1-ம் 2-ம். சில்லறை குறையட்டும் என்று கொடுத்தவனுக்குச் சில்லறையையே அள்ளிக் கொடுத்த கதை. 137-க்கு 142 கொடுத்தாலும் இப்படித்தான், 138, 140, 142 என்று போனால் மூன்று நாணயம். ஒரே ஒரு 5 போதும்.

பெரியப்பாவின் வழி, சில்லறையை முதலில் விழுங்கிவிடுவது. ஏழு வந்தால் ஏழைக் கடனில் கட்டு. 137 இப்போது 130. அந்த நாணயங்கள் உடனே பெட்டிக்குள் போய்விடும், மனதிலிருந்தும் போய்விடும். எதிரே கிடப்பது 500 மட்டும். 130-இலிருந்து 500-க்கு ஏறினால் போதும். சில்லறை 2 மட்டும் வந்தாலும் அதே போல, 135-இலிருந்து. 40 கொடுத்தால் 97-இலிருந்து. இருபக்கமும் ஒரே அளவு குறைத்தால் நடுவே உள்ள தூரம் மாறாது என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு. அவருக்கு அந்த வாக்கியம் தெரியாது.

நான் அந்தப் பெண்ணிடம், "திரையை விடும்மா. ஏழு நான் குடுத்துட்டேன்ல, இன்னும் எவ்வளவு தரணும்?" என்றேன்.

"நூத்தி முப்பது."

"அதுல இருந்து எண்ணு."

அவள் என் ஏழைப் பெட்டிக்குள் போட்டாள். 20 எடுத்து என் கையில் வைத்து, கொஞ்சம் சந்தேகத்தோடு, "அம்பது?" என்றாள். தலையாட்டினேன். 50 வைத்தாள். "இருநூறு." 100 வைத்தாள். "முந்நூறு." 200-ஐ எடுத்தவள் அதை வைப்பதற்கு முன்பே மேசையில் கிடந்த என் நோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஐந்நூறு" என்றாள்.